இருபது நொடிக்கு எத்தனை கட்டம்?

மேசை மேல் கிடந்த தாளில் ஆறு கட்டங்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கீழும் மூன்று வரிகள்: என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார், எத்தனை நொடி. படங்கள் பென்சில் கோடுகளாகத்தான் இருந்தன. ஆனால் கீழே எழுதியிருந்ததில் கை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, கட்டைவிரல் தெரிகிறதா மறைகிறதா என்பது வரை குறிப்பு இருந்தது. "படம் சரியில்லைன்னா அனிமேட்டர் திருத்திக்குவார் சார். எழுத்து சரியில்லைன்னா அவருக்குத் திருத்தணும்னே தெரியாது" என்றார் ஸ்டோரிபோர்டு ஓவியர்.

சென்னையில் ஒரு சிறிய அனிமேஷன் கூடம் அது. கை கழுவுவதைப் பற்றி, பள்ளியில் சேரும் வயதுக் குழந்தைகளுக்காக மூன்று நிமிடப் படம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. கதை எளியது. மல்லி ஆட்டுக்குட்டியோடு விளையாடிவிட்டு வருகிறாள். அப்பத்தா சாப்பிடக் கூப்பிடுகிறார். வாசலில் வாளி, செம்பு, சோப்பு. தம்பி தண்ணீர் ஊற்றுகிறான். இதில் கிருமியைக் காட்டியாக வேண்டும் என்பதுதான் முதல் சிக்கல்.

கிருமியைக் கொம்பும் பல்லும் வைத்த பூதமாக வரைவது வழக்கம். இவர்கள் அதைக் கைவிட்டிருந்தார்கள். பூதம் அழகாக அமைந்துவிட்டால் குழந்தை அதைக் கொஞ்சத் தொடங்கிவிடுகிறது. பயங்கரமாக அமைந்தால் சாப்பாட்டையே பார்த்துப் பயப்படுகிறது. அதற்குப் பதிலாக மல்லி ஆட்டைத் தொட்ட இடத்தில் நீலத் துகள்கள் ஒட்டுகின்றன. அதே நீலம் அடுத்தடுத்த கட்டங்களில் கதவின் தாழ்ப்பாளிலும், தம்பியின் கன்னத்திலும், தண்ணீர்ப் பானையின் மூடியிலும் வந்து நிற்கிறது. ஏன் நீலம்? மண் பழுப்பு, மஞ்சள்தூள் மஞ்சள், குழம்பு சிவப்பு. வீட்டு அழுக்கு எதோடும் கலக்காத நிறம் வேண்டியிருந்தது. கை சுத்தமாகத் தெரிந்தாலும் கிருமி இருக்கும் என்பதைச் சொல்ல இந்த ஒரு நிறமே போதுமாக இருந்தது.

அதற்கான கட்டங்களை அப்படியே தருகிறேன்.

கட்டம் 9. மல்லியின் தோளுக்கு மேலிருந்து பார்வை. தம்பி செம்பால் ஊற்றுகிறான். மண் கரைந்து ஓடுகிறது. தம்பி: "மண்ணு போயிருச்சுக்கா, வா சாப்பிடலாம்." 3 நொடி.

கட்டம் 10. க்ளோசப், விரித்த இரண்டு உள்ளங்கைகள். மண் இல்லை, நீலம் அப்படியே இருக்கிறது. மல்லி: "இது போகலையேடா!" 3 நொடி.

கட்டம் 11. தம்பி செம்பைத் தரையில் வைக்கிறான். மல்லி சோப்பை எடுத்து உள்ளங்கையில் தேய்க்கிறாள். பேச்சு இல்லை. 3 நொடி.

செம்பைக் கீழே வைப்பதற்கு ஏன் தனியாக ஒரு கட்டம் என்று கேட்டேன். தேய்க்கும்போது தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் நுரை நிற்காமல் சோப்பு போய்விடும். குழாய் உள்ள வீட்டுக்கு வரைந்தால் இதே இடத்தில் குழாயை மூடுவது வரும். தம்பியை ஊற்ற விட்டதற்கும் காரணம் உண்டு. தானே ஊற்றிக்கொள்பவள் அழுக்குக் கையால் செம்பைப் பிடிக்கிறாள். கழுவி முடித்ததும் அதே செம்பைத் திரும்பத் தொடுகிறாள்.

அடுத்த ஆறு கட்டங்கள்தான் படத்தின் உயிர். உள்ளங்கையோடு உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, மடக்கிய விரல்களின் முதுகு, கட்டைவிரல், நகநுனி. உலகச் சுகாதார நிறுவனம் காட்டும் வரிசை இது. கை நனைப்பதிலிருந்து துடைப்பது வரை மொத்தம் 40 முதல் 60 நொடி ஆகும் என்கிறது அந்த நிறுவனம். அதில் சோப்போடு தேய்ப்பதற்கு மட்டும் இந்தப் படம் 20 நொடி ஒதுக்கியிருக்கிறது: 3, 4, 3, 3, 4, 3. புறங்கைக்கும் கட்டைவிரலுக்கும் கூடுதல் நொடி தந்திருப்பது இரண்டு கையையும் தனித்தனியாகச் செய்ய வேண்டியிருப்பதால்.

முதலில் எழுதிய ஸ்டோரிபோர்டில் இந்த இடத்துக்கு மொத்தமே ஐந்து நொடிதான் இருந்ததாம். ஒரு துள்ளல் பாட்டு, மூன்று கட்டம், கை சுத்தம். பென்சில் படங்களை நொடிக்கணக்கில் கோத்து, கூடத்தில் இருப்பவர்களின் குரலையே தற்காலிகமாகச் சேர்த்து ஒரு மாதிரிப் படம் செய்வார்கள். அதற்கு அனிமேட்டிக் என்று பெயர். அதைச் சில குழந்தைகளுக்குப் போட்டுக் காட்டிவிட்டுக் கை கழுவச் சொன்னபோது, படத்தில் மல்லி எவ்வளவு நேரம் தேய்த்தாளோ அவ்வளவு நேரம்தான் தேய்த்தார்கள். கட்டைவிரலை ஒருவரும் தொடவில்லை. படத்தில் அது மற்ற விரல்களுக்குப் பின்னால் மறைந்திருந்தது.

அதன் பிறகுதான் தோளுக்கு மேலிருந்து பார்க்கும் கோணத்துக்கு மாறினார்கள். எதிரே நின்று கழுவும் மல்லியைப் பார்த்தால் எது வலது, எது இடது என்று குழந்தை குழம்புகிறது. தோளுக்கு மேலிருந்து பார்த்தால் அது தன் கையைக் குனிந்து பார்ப்பது போலவே இருக்கிறது. கட்டைவிரல் கட்டம் இப்போது இப்படி இருக்கிறது:

கட்டம் 16. அதே பார்வை. இடது கட்டைவிரல் நேராக மேலே, மற்ற நான்கும் மடங்கி. வலது கை அதைச் சுற்றிப் பிடித்துத் திருகுகிறது. பிடியின் மேல் நகம் தெரிய வேண்டும். இரண்டாவது நொடியில் கை மாறுகிறது. தம்பி: "பெரியண்ணன் மட்டும் குளிக்காம நிக்கிறாரு!" மல்லி: "அவரையும் விடமாட்டேன்." 4 நொடி.

பேச்சு நான்கு நொடிக்குள் அடங்குகிறதா என்று கைக்கடிகாரத்தை வைத்து வாசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். முதலில் எழுதிய வசனம் ஆறு நொடி ஓடியது. நொடியைக் கூட்டாமல் வசனத்தைக் குறைத்தார்கள். கை பேச வேண்டிய இடத்தில் வாய் அதிகம் பேசக்கூடாது என்ற அந்தத் தெளிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இருபது நொடி என்பது வரைபவருக்குச் சின்ன வேலை அல்ல. நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு ஃபிரேமுக்கு ஓர் ஓவியம் என்று சிக்கனமாகப் போட்டாலும் 240 ஓவியங்கள், அத்தனையிலும் பின்னிப் பிணைந்த விரல்கள். கார்ட்டூனில் கைக்கு நான்கே விரல் போட்டு வேலையைக் குறைக்கும் பழைய வழக்கமும் இங்கே உதவாது, ஐந்து விரலும் வேண்டும். அதனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் 12 ஓவியங்களில் ஒரு சுழற்சி வரைந்து அதையே திரும்பத் திரும்ப ஓட்டுகிறார்கள். ஆறு தேய்ப்புக்கும் 72 ஓவியங்களில் முடிகிறது. கை மாறும் இடத்தில் ஓவியத்தைக் கண்ணாடி போலத் திருப்பிப் போட்டால் போதும். ஆனால் மல்லியின் வலது மணிக்கட்டில் முதலில் ஒரு கறுப்புக் கயிறு இருந்தது. திருப்பும்போதெல்லாம் அது இடது கைக்குத் தாவியது. கயிறு அவிழ்ந்தது இப்படித்தான்.

கழுவிவிடும் கட்டத்தில் நீலத் துகள்கள் வெடிக்கவில்லை, அலறிச் சாகவில்லை. நுரையோடு வழுக்கி விழுந்து மண்ணில் ஓடுகின்றன. சோப்பின் ஒரு முனை எண்ணெய்ப் பிசுக்கைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். பிசுக்கோடு ஒட்டியிருந்த கிருமி கிளம்பித் தண்ணீரோடு போகிறது. கையில் நடக்கும் முக்கியமான வேலை இந்த அகற்றல்தான். கிருமி செத்து விழுவதாகக் காட்டினால் சோப்பைத் தொட்டாலே போதும் என்று குழந்தை நினைத்துக்கொள்ளும்.

கடைசித் தாளில் ஒரு கட்டத்தைச் சிவப்பு மையால் அடித்திருந்தார்கள். மல்லி ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடுகிறாள், அப்பத்தா "என் ராசாத்தி" என்கிறார். பாவாடையில் ஆட்டுக்குட்டியைத் தூக்கியபோது ஒட்டிய நீலம் இன்னும் இருக்கிறது என்பதைக் கவனித்தவர் வண்ணம் தீட்டும் பெண். இப்போது மல்லி கையை உதறிக் காற்றில் காயவிட்டபடி நடக்கிறாள். அப்பத்தா பந்தியிலிருந்து கேட்கிறார்: "தம்பி கழுவிட்டானா?" செம்பு இப்போது மல்லியின் கைக்கு வருகிறது. இன்னும் மூன்று கட்டம் எழுத வேண்டும் என்று ஓவியர் புதுத் தாளை எடுத்தார்.