முதலில் எழும் மணமும் கடைசியில் நிற்கும் மணமும்

கடையில் ஒரு வாசனைத் திரவியத்தைத் தெளித்த முதல் சில நிமிடங்களில் மூக்கை எட்டுவது, அத்திரவியத்தில் மிகக் குறைந்த நேரமே நிற்கக்கூடிய பகுதியாகும். வாங்கி வீட்டில் வைத்த பின் குப்பிக்குள் முதலில் பழுதுபடுவதும் பெரும்பாலும் அதே பகுதிதான். ஆகவே வாங்குவதற்கு முன் சோதிக்கும் முறையையும் வாங்கியபின் பாதுகாக்கும் முறையையும் தனித்தனியே பேசும் வழக்கம் அவ்வளவு பொருத்தமானதன்று.

தெளிப்புக் குப்பியில் விற்கப்படும் திரவியத்தில் பெரும்பங்கு எத்தில் ஆல்கஹால் ஆகும். மணப்பொருள்கள் அதில் கரைந்திருக்கின்றன. அவற்றுள் எளிதில் ஆவியாகும் பொருள்கள் முதலில் எழுகின்றன. இதை முதல் மணம் என்பர். பூக்களின் சாயல் கொண்ட நடு மணம் அதன்பின் சில மணி நேரம் நிலவ, மரம், பிசின், வனிலா, கஸ்தூரி போன்ற கனமான பொருள்களாலான அடி மணம் இறுதியில் எஞ்சுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் எண்ணெயில் மிகுந்துள்ள லிமோனீன் 176 பாகை செல்சியஸில் கொதிப்பது. வனிலாவின் மணத்துக்குக் காரணமான வனிலின் ஏறக்குறைய 285 பாகையில் கொதிப்பது. அறை வெப்பத்தில் எது முன்னே பறக்கும், எது தோலில் தங்கும் என்பதை இந்த இடைவெளியே உணர்த்திவிடும்.

கொலோன் நகரில் 1709இல் தொடங்கிய ஃபரீனா குடும்பத்தின் நிறுவனம் வழங்கிவரும் கொலோன் வகைத் திரவியத்தை இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். பெர்கமோட், எலுமிச்சை, ஆரஞ்சுப் பூ எண்ணெய், ரோஸ்மேரி ஆகியவை இவ்வகைக்கு அடிப்படை. இதனை வனிலாவும் சந்தனமும் மிகுந்த வேறொரு திரவியத்தோடு ஒரே நேரத்தில் தெளித்து ஒப்பிட்டால், முதல் ஐந்து நிமிடத்தில் கொலோன் வென்றுவிடும். பளிச்சென்ற அதன் புத்துணர்ச்சிக்கு முன் மற்றது மந்தமாகத் தோன்றும். ஒரு மணி நேரம் கழித்து, கொலோன் தெளித்த தாளில் மெல்லிய பூ வாசமே மிஞ்சியிருக்க, மற்றதன் உண்மையான உருவம் அப்போதுதான் வெளிப்படத் தொடங்கும். விற்பனை மேசையருகே நின்று முடிவெடுப்பவர், முதல் ஐந்து நிமிடத்துக்கே முழு விலையையும் கொடுக்கிறார்.

இதற்கு மாற்றாக, இத்துறையில் பழகியோர் சோதனையை இரண்டு கட்டமாகப் பிரிக்கின்றனர். முதல் கட்டம் உறிஞ்சு தாள் பட்டை கொண்டு நடைபெறுவது. டெஸ்டர் எனப்படும் சோதனைக் குப்பியின் உறிஞ்சு குழாயில் முன்பு தெளித்ததன் எச்சம் தங்கியிருக்கக்கூடும் என்பதால், முதல் தெளிப்பைப் பயன்படுத்தாமல் விட்டு, இரண்டாம் தெளிப்பை ஒரு சாண் தொலைவிலிருந்து பட்டையின் நுனியில் தெளித்து, மறுநுனியில் பெயரை எழுதிவிட வேண்டும். ஆல்கஹாலின் காரம் அடங்க அரை நிமிடமாவது பொறுத்து முகர்வது நல்லது. நான்கு பட்டைகளுக்கு மேல் போனால் மூக்கு சலித்துப் போய், அடுத்து வருவன எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். இச்சலிப்பைப் போக்கக் கடைகளில் கிண்ணத்தில் காப்பிக்கொட்டை வைப்பது வழக்கமாயினும், அது இன்னொரு வலுவான மணத்தை மூக்கில் ஏற்றுவதே அன்றி வேறில்லை. வெளிக்காற்றில் சிறிது நேரம் நிற்பதோ, திரவியம் படாத தன் முழங்கை மடிப்பை முகர்வதோ மேல்.

இரண்டாம் கட்டம் தோலில் செய்யப்படுவது. பட்டைகளில் தேறியவற்றுள் இரண்டை மட்டும், கைக்கு ஒன்றாக, மணிக்கட்டின் உட்புறம் தெளித்துக்கொண்டு, கடையை விட்டு வெளியேறிவிட வேண்டும். தெளித்த இடத்தைத் தேய்ப்பது தோலைச் சூடாக்கி முதல் மணத்தை விரைந்து ஓட்டிவிடும் என்பதால் அதைத் தானாக உலர விடுவதே முறை. பத்து நிமிடம், ஒரு மணி, நான்கு மணி என்ற மூன்று நிலைகளில் முகர்ந்து பார்த்து, கடைசி நிலையில் எஞ்சியிருக்கும் மணத்தோடு ஒருநாள் முழுதும் இருக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வதே சோதனையின் மையம். சில வகைக் கஸ்தூரி மணப்பொருள்களை அறவே உணர முடியாதவர்கள் உண்டு; உணர்பவருக்கும் தொடர்ந்து அணியும்போது அம்மணம் மறைந்துவிட்டதாகவே தோன்றும். ஆகவே மணம் எவ்வளவு நேரம் நின்றது என்பதைத் தன் மூக்கை மட்டும் நம்பித் தீர்மானிக்காமல், கை எட்டும் தொலைவில் இருக்கும் ஒருவரையும் கேட்டறிவது நல்லது. பளிச்சிடும் விளக்கொளியில் பல மாதம் நின்ற டெஸ்டர் சோர்ந்துபோயிருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. அதில் முதல் மணம் மட்டும் மங்கலாக இருந்தால், குறை திரவியத்தினுடையதாக இல்லாமல் அந்தக் குப்பியினுடையதாகவும் இருக்கலாம்.

குப்பிக்குள் நிகழும் கேட்டுக்கு ஆக்சிஜன், ஒளி, வெப்பம் என்ற மூன்றும் காரணம். லிமோனீனும், லாவெண்டரில் மிகுந்துள்ள லினலூலும் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பெராக்சைடு வகைப் பொருள்களாக மாறுகின்றன. மணம் மந்தமாவதுடன், அப்பொருள்கள் சிலருடைய தோலில் ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும். ஒவ்வொரு முறை தெளிக்கும்போதும் வெளியேறிய திரவத்தின் இடத்தைக் காற்று நிரப்புவதால், பாதி தீர்ந்த குப்பி நிறைந்த குப்பியைவிட விரைவில் கெடும். வெர்சாய் நகரில் 1990 முதல் இயங்கிவரும் ஓஸ்மொதெக் என்னும் நறுமணக் காப்பகம், பழைய திரவியங்களை இருளில், 12 பாகை வெப்பநிலையில், மேலே ஆர்கான் வாயுவை நிரப்பிப் பாதுகாப்பது இம்மூன்று பகைகளையும் ஒருசேர விலக்குவதற்கே.

வீட்டில் ஆர்கானுக்கு வழியில்லை. ஆயினும் மற்ற இரண்டையும் தடுக்க அதிகச் செலவு இல்லை. பலரும் வாங்கிய அன்றே எறிந்துவிடும் அட்டைப்பெட்டியே ஒளிக்கு எதிரான நல்ல காப்பு. சென்னை போன்ற ஊரின் கோடையில், மேற்கு வெயில் படும் சுவரை ஒட்டிய இரும்புப் பீரோ மாலையில் வெகுவாகச் சூடேறும்; நிறுத்தி வைத்த காருக்குள் நிலைமை அதைவிடக் கொடுமை. நாள்தோறும் சூடும் ஈரமும் ஏறி இறங்கும் குளியலறையும் ஏற்றதன்று. உட்புறச் சுவரை ஒட்டிய மர அலமாரியின் கீழ்த்தட்டு போதுமானது. குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால், அடிக்கடி திறந்து மூடப்படும் கதவுப் பகுதியைத் தவிர்த்து உள்தட்டில், பெட்டியோடு வைக்க வேண்டும். சந்தன எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட கன்னோஜ் அத்தர்களில் ஆல்கஹால் இல்லை. அவற்றுள் பல பழகப் பழக மெருகேறுபவை, ஆகவே இந்தக் கணக்கு அவற்றுக்கு அப்படியே பொருந்தாது.

நிறம் கருத்தவுடன் திரவியம் கெட்டுவிட்டதாக முடிவுகட்டுவது பிழை. வனிலின் கலந்தவை காலப்போக்கில் பழுப்பேறுவது இயல்பு. மணத்தில் மாற்றமே இல்லாமலும் அது நிகழும். நிறத்தைவிட நம்பத்தக்க சான்று தெளித்த முதல் நிமிடத்தில் கிடைக்கிறது: எலுமிச்சையின் பளிச்சென்ற தொடக்கத்துக்குப் பதிலாகப் புளிப்பாகவோ, உலோகச் சாயலோடோ, நகப்பூச்சு போன்றோ ஒரு வாடை எழுந்தால் முதல் மணம் பழுதாகிவிட்டது. பத்து நிமிடத்தில் அவ்வாடை விலகி, நடு மணமும் அடி மணமும் பழையபடியே எழுமானால், ஆடையின் உட்புறத்திலோ கைக்குட்டையிலோ தெளித்து எஞ்சியதைத் தீர்த்துவிடலாம். தோலில் தெளிக்க வேண்டாம். நான்கு மணி கழித்தும் வாடை விலகாத குப்பியைக் கைவிடுவதே சரி.

ஆயுளைக் குறிக்கும் எண்களைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 30 மாதத்துக்கு மேல் கெடாதிருக்கும் ஒப்பனைப் பொருளுக்குக் காலாவதித் தேதி அச்சிடுவது கட்டாயமில்லை. அதற்கு மாறாக, திறந்த டப்பாவின் படத்துள் திறந்த பின் பயன்படுத்தத்தக்க மாதங்களின் எண்ணிக்கையை இடுகின்றனர். அந்த எண் கடந்த மறுநாளே திரவியம் கெட்டுவிடுவதில்லை. வெயிலில் வைத்த குப்பிக்கு அதுவரை காப்பும் இல்லை. குப்பியின் அளவைத் தேர்வதே இதைவிடப் பயன் தரும். ஒரு தெளிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிலிட்டர் என்று கொண்டால், 100 மில்லிலிட்டர் குப்பியில் ஆயிரம் தெளிப்புகள் உள்ளன. வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று தெளிப்பு என்று பயன்படுத்துபவருக்கு அது தீர மூன்று ஆண்டுகளுக்கு மேலாகும். கொலோன் வகையின் எலுமிச்சைத் தொடக்கம் அதற்குள் மங்கிவிட வாய்ப்பு மிகுதி என்பதால், அத்தகையவர் 30 மில்லிலிட்டர் குப்பியை வாங்குவது தகும். வனிலா, சந்தன வகைக்கு இந்தத் தயக்கம் அவ்வளவாகத் தேவையில்லை.