ஐந்து ஆம்பியருக்கு எவ்வளவு அகலம்?

கணக்குக்கு எடுத்துக்கொண்ட போர்டு: 12 வோல்ட் எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை ஆன்-ஆஃப் செய்யும் சின்ன கன்ட்ரோலர். இரண்டு லேயர், ஒரு அவுன்ஸ் செம்பு. சப்ளை கனெக்டரிலிருந்து ஸ்ட்ரிப் கனெக்டர் வரை 5 ஆம்பியர் ஓடவேண்டும். வழியில் ஒரு மாஸ்ஃபெட். ட்ராக்கின் மொத்த நீளம் 60 மி.மீ.

"ஐந்து ஆம்பியருக்கு எத்தனை மில்லிமீட்டர்?" என்று கேட்டால் பதில் வராது. கேள்வியில் பாதி விட்டுப்போயிருக்கிறது. ட்ராக் எவ்வளவு சூடானால் பரவாயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். செம்புக்கு இத்தனை ஆம்பியர்தான் தாங்கும் என்று ஒரு கோடு கிடையாது. கரண்ட் ஏற ஏறச் சூடு ஏறும். எங்கே நிறுத்துவது என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம்.

*

எல்லோரும் பயன்படுத்தும் சூத்திரம் ஐ.பி.சி-2221 தரத்திலிருந்து வருவது. KiCad-இல் உள்ள Track Width கணிப்பானும் இதைத்தான் போடுகிறது.

```
I = k × ΔT^0.44 × A^0.725
k = 0.048 (வெளி லேயர்), 0.024 (உள் லேயர்)
```

முதலில் இருப்பது ஆம்பியர். அடுத்து வருவது, சுற்றியுள்ள காற்றைவிட ட்ராக் எத்தனை டிகிரி கூடுதலாகச் சூடாகலாம் என்பது. கடைசியில் குறுக்குவெட்டுப் பரப்பு. அதைச் சதுர மில்லில் போடவேண்டும். ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு அவுன்ஸ் செம்பின் கனம் 35 மைக்ரான், அதாவது சுமார் 1.38 மில். பரப்பை இதனால் வகுத்தால் அகலம் கிடைக்கும்.

நம் போர்டுக்கு: 10 டிகிரி ஏற்றம் போதும் என்றால் 150 சதுர மில், அகலம் 2.77 மி.மீ. 20 டிகிரி வரை விடலாம் என்றால் 98 சதுர மில், அகலம் 1.82 மி.மீ. அதே ஐந்து ஆம்பியருக்கு இரண்டு விடைகள். இரண்டும் சரி.

*

சூத்திரத்தின் அடுக்குகள் பழகிவிட்டால் கணிப்பானைத் திறக்காமலே பல விஷயம் பிடிபடும். அகலத்தை இரட்டிப்பாக்கினால், அதே சூட்டில், கரண்ட் இரட்டிப்பாகாது; 1.65 மடங்குதான். மறுபக்கம், அகலத்தை அப்படியே வைத்துக் கரண்டை இரட்டிப்பாக்கினால் சூட்டின் ஏற்றம் ஏறத்தாழ 4.8 மடங்கு. 20 டிகிரி ஏற்றத்துக்குப் போட்ட ட்ராக்கில் 5-க்குப் பதில் 10 ஆம்பியர் ஓடினால் ஏற்றம் 95 டிகிரியைத் தாண்டிவிடும். "கொஞ்சம் கூடுதலா ஓடினா என்ன" என்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

*

ஏற்றம் வேறு, வெப்பநிலை வேறு. திறந்த மேசையில் அறை 32 டிகிரி என்றால் 20 டிகிரி ஏற்றத்தில் ட்ராக் 52-இல் நிற்கும், கவலையில்லை. அதே போர்டைக் காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்தால் உள்ளே இருக்கும் காற்றே 55 டிகிரிக்குப் போகலாம். அப்போது ட்ராக் 75. பக்கத்தில் மாஸ்ஃபெட் தன் சூட்டை அதே செம்பில் இறக்கிக்கொண்டிருந்தால் இன்னும் மேலே. சூத்திரத்துக்குப் பெட்டியும் தெரியாது, மாஸ்ஃபெட்டும் தெரியாது.

*

உள் லேயர் எண் பாதியாக இருப்பதன் கதை சுவாரசியமானது. இந்தச் சூத்திரத்தின் வேர் 1950-களில் அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் செய்த அளவீடுகள். அவை வெளி ட்ராக்குகளில் எடுத்தவை. உள் ட்ராக்குக்கு அளவீடு இல்லாததால், பாதுகாப்புக்காக வெளி எண்ணைப் பாதியாக்கிவிட்டார்கள். உள்ளே அடைபட்ட ட்ராக்குக்குக் காற்றுப் படாது, ஆகவே அதிகம் சூடாகும் என்று யாருக்கும் தோன்றும்.

நடப்பது அப்படியல்ல. அசையாத காற்று மிக மோசமான கடத்தி. எஃப்.ஆர்.4 அதைவிடச் சுமார் பத்து மடங்கு நன்றாகச் சூட்டைக் கடத்தும். உள் ட்ராக்கைச் சுற்றி மேலும் கீழும் எஃப்.ஆர்.4 இருப்பதால் சூடு பக்கவாட்டில் பரவிப் போர்டு முழுவதையும் பயன்படுத்திக்கொள்கிறது. 2009-இல் புதிய அளவீடுகளோடு வந்த ஐ.பி.சி-2152 இந்தப் பாதிக் கணக்கைக் கைவிட்டது.

நம் ட்ராக்கை 10 டிகிரிக்கு உள் லேயரில் போட்டால் பழைய சூத்திரம் 7.2 மி.மீ. கேட்கும். அவ்வளவு தேவையில்லை. ஆனால் வேறொரு காரணத்துக்காக உள் லேயரில் கவனம் வேண்டும்: மலிவான நாலு லேயர் போர்டுகளில் உள் செம்பு பெரும்பாலும் அரை அவுன்ஸ்தான். ஆர்டர் கொடுக்குமுன் கனத்தைப் பார்த்துவிடவேண்டும்.

*

சூத்திரத்தில் நீளம் எங்கும் இல்லை. சூட்டைப் பொறுத்தவரை அது நியாயம்தான்: நீளம் கூடினால் உண்டாகும் சூடும் கூடும், அதை வெளியேற்றும் பரப்பும் கூடும். ஆனால் வோல்டேஜ் இழப்புக்கு நீளம்தான் எல்லாம்.

இதற்குச் சதுரக் கணக்கு எளிது. ஒரு அவுன்ஸ் செம்பில் ஒரு சதுரத்தின் தடை, சதுரம் பெரிதோ சிறிதோ, சுமார் அரை மில்லிஓம். 60 மி.மீ. நீளத்தில் 1.82 மி.மீ. அகலச் சதுரங்கள் 33 அடங்கும். தடை 16 மில்லிஓம். 5 ஆம்பியரில் 80 மில்லிவோல்ட் இழப்பு, 0.4 வாட் சூடு. திரும்பிவரும் கிரவுண்டும் இதே அகல ட்ராக் என்றால் இன்னொரு 80.

12 வோல்ட் ஸ்ட்ரிப்புக்கு 160 மில்லிவோல்ட் ஒன்றுமில்லை. 3.3 வோல்டில் 5 ஆம்பியர் என்றால் அதுவே ஐந்து சதவீதம். சூடு அனுமதித்தாலும் அந்த அகலம் போதாது. குறைந்த வோல்டேஜ், நீண்ட ட்ராக் என்றால் முதலில் இழப்பைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு சூட்டுக்கு வருவதே நேரம் மிச்சம்.

*

அகலமான ட்ராக்கைப் போட்டு முடித்தபின் அதன் மிக மெலிந்த இடத்தைத் தேடவேண்டும். வழக்கமாக மூன்று இடங்கள்.

வயா. 0.3 மி.மீ. துளையின் சுவரில் 20 மைக்ரான் செம்பு படிந்திருந்தால் அதன் குறுக்குவெட்டு அரை மி.மீ. அகல ட்ராக்குக்குச் சமம். நம் 1.82 மி.மீ. ட்ராக் கீழ் லேயருக்கு இறங்கவேண்டுமானால் நாலு வயாவாவது வேண்டும்.

தெர்மல் ரிலீஃப். கிரவுண்ட் பரப்பில் கனெக்டர் பின்னைச் சுற்றி மென்பொருள் தானாகப் போடும் நாலு கால்கள். ஒவ்வொன்றும் 0.25 மி.மீ. என்றால் மொத்தம் ஒரு மி.மீ. தான். பின் போர்டின் ஓரத்தில் இருந்து இரண்டு கால் மட்டுமே ஒட்டியிருந்தால் அரை மி.மீ. பவர் பின்களுக்குக் கால்களை அகலமாக்கவேண்டும், அல்லது நேராக இணைத்துவிடவேண்டும். நேராக இணைத்தால் சால்டர் செய்யப் பெரிய டிப் தேவைப்படும்.

ஐசி காலுக்குள் நுழையும் குறுகல். இது பெரும்பாலும் பார்ப்பதற்குத்தான் பயமாக இருக்கும். ஒரு மி.மீ. நீளக் குறுகலின் சூட்டை இருபக்கமும் உள்ள அகலமான செம்பு இழுத்துக்கொள்ளும். குறுகல் பத்து மி.மீ.க்கு நீண்டால் அது தனி ட்ராக். தனியாகக் கணக்குப் போடவேண்டும்.

*

எந்த ஆம்பியருக்குக் கணக்குப் போடுவது? லோடின் ஆம்பியருக்கு அல்ல, ஃபியூஸின் ஆம்பியருக்கு. 5 ஆம்பியர் ஸ்ட்ரிப்புக்கு முன்னால் 7.5 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தால், ஏதோ கோளாறில் 7.5 ஆம்பியர் ஓடிக்கொண்டே இருந்தாலும் ஃபியூஸ் போகாது. 1.82 மி.மீ. ட்ராக்கில் அப்போது ஏற்றம் 50 டிகிரி. திறந்த மேசையில் 82, தாங்கும். அடைத்த பெட்டியில் 105, சாதாரண எஃப்.ஆர்.4-க்கு அது நீண்ட நாள் இருக்கத் தக்க இடமல்ல. ஆகவே இந்தப் போர்டுக்கு 3 மி.மீ. என்று முடிவு. இடம் இருக்கும்போது செம்பை மிச்சப்படுத்தி லாபமில்லை. எட்சிங்கில் கரைத்துக் கொட்டத்தான் போகிறார்கள்.

*

போர்டு வந்தபின் சோதிப்பது எப்படி? செம்பே தெர்மாமீட்டர். அதன் தடை டிகிரிக்கு 0.4 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

பெஞ்ச் சப்ளையை 5 ஆம்பியர் நிலைக் கரண்டில் வைத்து ட்ராக் வழியாக ஓட்டவேண்டும். மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் ட்ராக்கின் மேலேயே வைக்கவேண்டும்; கனெக்டரில் வைத்தால் கனெக்டரின் தடையும் சேர்ந்துவிடும். ஆன் செய்த உடனே ஒரு அளவு, கால் மணி நேரம் கழித்து இன்னொன்று. 32 டிகிரி அறையில் 1.82 மி.மீ. ட்ராக் 85 மில்லிவோல்டில் தொடங்கி 91-இல் நின்றால் ஏற்றம் 7 சதவீதம். சுமார் 19 டிகிரி. முதல் அளவே 85-க்குப் பதில் 100 காட்டினால் செம்பின் கனம் சொன்னபடி இல்லை, அல்லது எட்சிங்கில் அகலம் தேய்ந்திருக்கிறது.

இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பச்சைப் பூச்சின் மேல் காட்டலாம். பளபளக்கும் செம்பின் மேலோ ஈயத்தின் மேலோ காட்டினால் உண்மையைவிட மிகக் குறைவாகக் காட்டும்.

*

போர்டு வந்துவிட்டது, ட்ராக் போதவில்லை என்றால் பச்சைப் பூச்சைச் சுரண்டி ஈயம் ஏற்றுவது வழக்கம். பலன் உண்டு, ஆனால் நினைப்பதைவிடக் குறைவு. சால்டரின் தடைத்திறன் செம்பைப் போல எட்டு, ஒன்பது மடங்கு. தடையைப் பாதியாக்கவே 0.3 மி.மீ. கனத்துக்கு ஈயம் நிற்கவேண்டும். அதற்குப் பதில் 1 மி.மீ. செம்புக் கம்பியை ட்ராக்கின் மேல் படுக்கவைத்துச் சால்டர் செய்தால், அந்தக் கம்பியின் குறுக்குவெட்டு மட்டுமே 1.82 மி.மீ. ட்ராக்கைப் போல 12 மடங்கு. அடுத்த முறை அந்த ட்ராக்கை வரையும்போதே மேலே பச்சைப் பூச்சு விழாமல் ஒரு திறப்பு விட்டுவைத்தால் சுரண்டும் வேலையும் இல்லை.