எழுத்துக்கு அடியில் இருந்த வானம்

மாஸ்டர் தொலைபேசியில் கேட்டது சின்ன விஷயம்தான். ஒஸ்லோவில் தொண்ணூறுகளில் அவர் அச்சிட்ட சிறுவர் கதைப் புத்தகத்துக்கு இரண்டாம் பதிப்பு வருகிறது. தலைப்பையும் அதன் கீழே உள்ள துணைத்தலைப்பையும் மாற்ற வேண்டும், அட்டை ஓவியம் அப்படியே இருக்க வேண்டும். "அகதிச் சிறுவர் கதைகள்" என்ற பழைய துணைத்தலைப்பு அவரை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தக் கதைகளில் வரும் பிள்ளைகள் இன்று இந்த நகரத்தில் தாதிகளாகவும் பொறியியலாளர்களாகவும் இருக்கிறார்கள். "ஒஸ்லோவில் வளர்ந்த பிள்ளைகளின் கதைகள்" என்று போடச் சொன்னார். ஒரு சொல்லில் இருந்த தலைப்பும் மூன்று சொல்லாக வளர்ந்திருந்தது.

"எழுத்தை மட்டும் எடுத்துப்போட்டு வேற எழுத்து வைக்கிறதுதானே தம்பி, ஒரு பின்னேர வேலை" என்றார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். பழைய அச்சகம் எப்போதோ மூடிவிட்டது. மாஸ்டரிடம் எஞ்சியிருந்தது ஒரு குறுந்தட்டில் ஒரேயொரு படக்கோப்பு. அதைத் திறந்து, எழுத்தைத் தனியாக எடுக்கப் பார்த்தபோது வேலை நின்றுவிட்டது. மஞ்சள் எழுத்தும் நீல வானமும் ஒரே அடுக்காக ஒட்டிப்போயிருந்தன. எழுத்தை அழித்தால் அதன் கீழே வானம் இல்லை, ஓட்டைதான் இருந்தது. பக்கத்து நீலத்தை எடுத்துப் பூசி மூடலாம். ஆனால் அது வரைந்தவரின் வானமாக இருக்காது. நான் செய்த வானமாகிவிடும்.

அட்டையில் எழுத்து எங்கே உட்கார்ந்திருக்கிறது, படம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று நான் தேடத் தொடங்கியது அன்றைக்குத்தான்.

அந்த வாரக் கடைசியில் பழைய புத்தகக் கடையொன்றில் 1967இல் அமெரிக்காவில் டபுள்டே வெளியிட்ட ஒரு பெரிய புத்தகம் அகப்பட்டது. தலைப்பு 'நோர்ஸ் காட்ஸ் அண்ட் ஜயன்ட்ஸ்'. ஓடின், தோர், லோகி ஆகியோரின் கதைகள். எழுதி வரைந்தவர்கள் இங்ரி, எட்கர் பாரின் டொலேர் என்ற தம்பதியர். இதே கதைகளை 'டொலேர்ஸ் புக் ஆஃப் நோர்ஸ் மித்ஸ்' என்ற புத்தகத்தில் என் மகளுக்கு வாசித்திருக்கிறேனே என்று வீட்டுக்கு வந்து அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது நியூயார்க் ரிவ்யூ புக்ஸ் 2005இல் வெளியிட்டது. ஓவியங்கள் அதே கைகளுடையவை, கதைகளும் அவையே. மைக்கேல் ஷேபனின் முன்னுரை ஒன்று சேர்ந்திருந்தது. மற்றபடி மாறியிருந்தது பெயர்தான்.

ஏன் மாற்றினார்கள் என்பதற்கு என் ஊகம் இது. இதே தம்பதியரின் கிரேக்கப் புராண நூல் 1962இல் வந்தது. தலைமுறை தலைமுறையாக அமெரிக்கப் பிள்ளைகள் அதை 'டொலேர்ஸ் புக் ஆஃப் கிரீக் மித்ஸ்' என்ற பெயரில் அறிவார்கள். அதன் பக்கத்தில் அலமாரியில் நிற்கும் புத்தகம் அதன் தங்கையைப் போல இருந்தால் வாங்குகிறவருக்கு உடனே விளங்கும். நோர்ஸ் நூல் திரும்பி வந்த அடுத்த ஆண்டே 1972இன் 'டொலேர்ஸ் ட்ரோல்ஸ்' நூலும் நடுவில் 'புக் ஆஃப்' என்று சேர்த்துக்கொண்டு திரும்பி வந்தது. புதிய தலைப்பு கதையைப் பற்றி அதிகம் சொல்லவில்லை, ஆட்களைப் பற்றித்தான் சொல்கிறது. கடவுளரும் அரக்கரும் பின்னுக்குப் போக, வரைந்தவர்களின் பெயர் முன்னுக்கு வந்துவிட்டது. இந்த ஓவியங்களைப் பார்த்தவருக்கு அது நியாயமாகத்தான் படும்.

இங்ரி 1904இல் கொங்ஸ்பெர்க்கில் பிறந்தவர். கலை படிக்க வந்தது இந்த ஊருக்கு. அப்போது இதற்குப் பெயர் கிறிஸ்தியானியா. 1925ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் தேதி ஊர் ஒஸ்லோ என்று பெயரை மாற்றிக்கொண்டது. அதே ஆண்டில் இங்ரி, மியூனிக்கில் கலை படிக்கும்போது சந்தித்த எட்கரை மணந்தார். பிறகு இருவரும் அமெரிக்காவுக்குப் போனார்கள். அங்கே ஆபிரகாம் லிங்கன் பற்றிய படநூலுக்காக 1940இல் கால்டெகாட் விருது பெற்றார்கள்.

எனக்கு வேண்டிய விடை அவர்கள் வேலை செய்த முறையில் இருந்தது. அவர்கள் தாளில் வரைந்து, அதை அச்சகத்தார் படம்பிடிக்க விடவில்லை. கல்லச்சு முறையில், கனத்த சுண்ணாம்புக் கற்களின் மேல் கொழுப்புச் சாயம் கொண்ட கோலால் தாங்களே நேராக வரைந்தார்கள். நிறப்படம் என்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் தனியாக வரைய வேண்டும். மஞ்சளுக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று. பச்சைப் புல் வேண்டுமென்றால் மஞ்சளில் எவ்வளவு அழுத்துவது, நீலத்தில் எவ்வளவு அழுத்துவது என்று மனதுக்குள்ளேயே கலந்துபார்த்து வரைய வேண்டும். செலவு கூடியபோது பிற்காலப் புத்தகங்களில் கல்லுக்குப் பதிலாக ஒளி ஊடுருவும் அசிட்டேட் தாள்களுக்கு மாறினார்கள். நிறத்துக்கு ஒரு தாள் என்ற முறை மட்டும் மாறவில்லை.

அச்சுத் தொழிலில் தலைப்பு மாற்றம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. எழுத்து கறுப்பாக இருந்து, கறுப்புத் தகட்டில் மட்டும் படத்தின் மேலே அச்சாகியிருந்தால், மற்ற மூன்று தகடுகளிலும் வானம் முழுதாக இருக்கும். கறுப்புத் தகட்டை மட்டும் புதிதாகச் செய்தால் போதும், புத்தகம் வேறு பெயரைப் போட்டுக்கொள்ளும். பல மொழிகளில் வரும் படநூல்களை அப்படித்தான் அச்சிடுகிறார்கள். மூன்று நிறங்களையும் எல்லா மொழிக்கும் ஒன்றாக ஓட்டிவிட்டு, மொழிக்கு மொழி கறுப்பை மட்டும் மாற்றுவார்கள். எழுத்து வெள்ளையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் கதை வேறு. இருண்ட வானத்தில் வெள்ளை எழுத்து வர வேண்டுமானால் நான்கு தகடுகளிலும் அந்த எழுத்தின் வடிவத்தை வெட்டி வெறுமையாக விட வேண்டும். அந்த வெறுமையில்தான் தாளின் வெண்மை எழுத்தாகத் தெரிகிறது. பிறகு வேறு தலைப்பு வைக்க நினைத்தால் நான்கு தகட்டிலும் பழைய தலைப்பின் குழி இருக்கும்.

மாஸ்டரின் முதற்பதிப்பை எடுத்து எழுத்தின் ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். நீலப் புள்ளிகள் எழுத்தின் கரைவரை வந்து அறுந்து நின்றன, எழுத்துக்குள்ளே ஒன்றுகூட இல்லை. வானத்தை வெட்டித்தான் மஞ்சளை வைத்திருக்கிறார்கள். அந்தக் கோப்பைக் கட்டிக்கொண்டு இனி மாரடித்துப் பயனில்லை, மூல ஓவியத்தைத் தேட வேண்டும் என்பது அப்போது உறுதியாகிவிட்டது.

மூலம் வரைந்த அக்காவின் வீட்டு வரவேற்பறையில் தொங்கியது, க்ரூருட் பக்கம் ஐந்தாம் மாடியில், தெற்கு ஜன்னலுக்கு எதிரே. பனிச்சரிவு, ஒரு பேர்ச் மரம், சிவப்புத் தொப்பி போட்ட பிள்ளை, மேலே மூன்றில் ஒரு பங்கு வானம். எழுத்தே இல்லாத முழு வானத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். தலைப்பு மூடியிருந்த இடத்தில், மேற்கு மூலையில், மெல்லிய ஊதா நிறத்தில் ஒரு மேகம் இருந்தது. முப்பது வருடம் புத்தகத்தில் யாரும் பார்க்காத மேகம்.

ஆனால் தொப்பி சிவப்பாக இல்லை. வெளிறிய ரோஜா நிறத்துக்கு வந்திருந்தது. நீர்வண்ணச் சிவப்புகள் பலவும் வெயிலுக்கு முதலில் தோற்றுவிடும். பழைய கோப்பில் எழுத்து இருந்த துண்டுகளுக்கு மட்டும் மூலத்திலிருந்து வானத்தை வெட்டி ஒட்டலாம் என்ற என் எண்ணமும் அங்கேயே முடிந்தது. இரண்டின் நீலமும் வேறு வேறு. திரையில் சரியாகத் தெரிந்தாலும், அச்சில் பகல் வெளிச்சத்தில் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் ஒட்டுப்போட்ட சதுரம் துணியில் தைத்த ஒட்டைப்போலத் தெரிந்துவிடும்.

"எழுத்தை மாத்துங்கோ தம்பி. படத்தில மட்டும் கை வைக்காதேங்கோ" என்றார் அக்கா.

அது அவருடைய விருப்பம் மட்டும் அல்ல. நோர்வேயின் 2018ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, படைத்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும் என்கிறது. அவருடைய மதிப்பையோ படைப்பின் தனித்தன்மையையோ கெடுக்கும் வகையில் அதை மாற்றக் கூடாது என்றும் சொல்கிறது. தலைப்பு மாஸ்டருடையது, வானம் அக்காவுடையது.

சட்டகத்தைப் பின்பக்கமாகத் திறந்தோம். ஓவியத்தைச் சுற்றி வைத்திருந்த அட்டை விளிம்பை எடுத்ததும், நான்கு பக்கமும் ஏறக்குறைய ஐந்து மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு கரை, முப்பது வருட வெயில் படாமல் அப்படியே இருந்தது. வானத்தின் ஓரத்தில் மங்காத நீலம், சரிவின் ஓரத்தில் சாம்பல் கலந்த வெண்மை. அக்கா விரலை அதன் மேலே தொடாமல் ஓட்டினார். "இதுதான் நான் பூசினது" என்றார்.

முழு ஓவியத்தையும் 600 புள்ளி அடர்த்தியில் வருடியெடுத்து, அந்தக் கரையை அளவாக வைத்து மற்ற நிறங்களை மீட்டோம். கரை வரை எட்டாத சிவப்புத் தொப்பிக்கு மட்டும் முதற்பதிப்பு சாட்சி. பெட்டிக்குள்ளேயே கிடந்த ஒரு பிரதியை மாஸ்டர் கொண்டு வந்தார். இன்னொரு சிக்கலையும் அந்தக் கரை தீர்த்துவைத்தது. புதிய பதிப்பில் பக்கங்கள் கூடியதால் முதுகு ஐந்து மில்லிமீட்டரிலிருந்து எட்டாகப் பருத்திருந்தது. ஓவியம் முன்னட்டையிலிருந்து முதுகைச் சுற்றிப் பின்னட்டைக்குப் போகிறது. அந்த மூன்று மில்லிமீட்டருக்குப் படத்தை இழுத்து நீட்டாமல், மறைந்திருந்த கரையையே சேர்த்துக்கொண்டோம்.

கடைசியாகத் தலைப்பு. ஒரு சொல்லுக்காக விட்ட வானத்தில் மூன்று சொல் ஒரே வரியில் அடங்காது. இரண்டு வரியாக்கினால் கீழ்வரி பேர்ச் கிளையில் இடித்தது. தமிழ் எழுத்துக்கு அகலம் மட்டும் பிரச்சினை இல்லை. மேல்வரியில் 'கு', 'ரு' போன்றவற்றின் வால்கள் கீழே தொங்கும், கீழ்வரியில் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே ஏறும். வரிகளுக்கு நடுவே இடம் விடாவிட்டால் இரண்டும் முட்டிக்கொள்ளும். எழுத்தைச் சிறிதாக்கிப் பார்த்தேன், கடையில் மூன்றடி தள்ளி நின்றால் வாசிக்க முடியவில்லை. அக்கா பென்சிலை எடுத்து, நான் அச்சிட்டுக் கொண்டுபோன தாளில் முதல் வரியை இடது மேலேயும் இரண்டாம் வரியைக் கிளைக்கு வலது பக்கமாகத் தள்ளியும் எழுதிக் காட்டினார். கிளை இரண்டு வரிகளையும் பிரிக்கும் கோடாகிவிட்டது. துணைத்தலைப்பைப் பனிச்சரிவில், பிள்ளையின் காலடித் தடங்களுக்குக் கீழே சிறிய கறுப்பு எழுத்தில் வைத்தோம்.

தலைப்பையும் கறுப்பில்தான் போட்டேன், தனி அடுக்கில், வானத்தை வெட்டாமல் அதன் மேலேயே அச்சாகும்படி. வானம் வெளிர் நீலமாக இருந்ததால் கறுப்பு தெளிவாக நின்றது. எழுத்தில்லாத முழு ஓவியக் கோப்பைத் தனியாகச் சேமித்து மாஸ்டருக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று கொடுத்தேன். தேசிய நூலகத்திலிருந்து புதிய ஐஎஸ்பிஎன் எண் வந்தது. தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பழைய பெயரையும் போட்டோம், முதற்பதிப்பை வைத்திருப்பவர் வேறு புத்தகமென்று நினைத்து இன்னொன்று வாங்கிவிடக் கூடாது என்பதற்காக. அதற்குக் கீழே அட்டை ஓவியம் என்று அக்காவின் பெயர். முதற்பதிப்பில் அது விடுபட்டிருந்தது.

அச்சான முதல் பிரதியை அக்காவிடம் கொண்டுபோனபோது அவர் தலைப்பை வாசிக்கவில்லை. மேற்கு மூலையில் அந்த ஊதா மேகம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்த்தார்.