பொம்மை வரவில்லை: ஒரு வீட்டுப்பாடத்தின் கதை

அண்மை ஆண்டுகளில் மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு அந்தக் கடிதம் நினைவிருக்கும். ஓட்டலில் சாப்பாடு சரியில்லை, விலையும் ஜாஸ்தி என்று உணவுப் பாதுகாப்பு ஆணையருக்கு முறையீடு எழுத வேண்டும். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், இப்படிக்கு, உறைமேல் முகவரி. இதில் ஏதாவது ஒன்றை விட்டால் மதிப்பெண் போச்சு. அதனால் எல்லோரும் கூட்டை மனப்பாடம் செய்தோம். உள்ளே இருக்கும் வாக்கியங்கள் ஏன் அப்படி இருக்கின்றன என்று யாரும் கேட்கவில்லை.

அதைக் கேட்டது தமிழே தெரியாமல் சென்னைக்கு வந்த ஒரு பெண்.

ஊர் ஜெய்ப்பூர். தி.நகரில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் வேலை, அடையாறில் ஒரு மாமி வீட்டில் பேயிங் கெஸ்ட். இரண்டு வருடத்தில் ஆட்டோவிலும் காய்கறிக் கடையிலும் பேசியே தமிழ் வந்துவிட்டது. எழுத்துத் தமிழுக்காக மயிலாப்பூரில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை நடத்தும் மாலை வகுப்பில் சேர்ந்திருந்தாள். இடைநிலை வகுப்பின் வீட்டுப்பாடம் இது: “ஆர்டர் செய்த பொருள் தாமதமானது பற்றி ஒரு நிறுவனத்துக்குப் புகார் மின்னஞ்சல் எழுதுக. நடை முறையாக இருக்க வேண்டும்.”

கற்பனை செய்ய வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லை. 2025 நவராத்திரிக்கு மாமிக்குப் பரிசாகத் தசாவதார செட் ஒன்றை இணையத்தில் ஆர்டர் செய்து 3,200 ரூபாய் கட்டியிருந்தாள். “ஒரு படியை எனக்கு விட்டுடுங்க மாமி” என்று சொல்லியும் வைத்திருந்தாள். செப்டம்பர் 22-ல் நவராத்திரி தொடங்கிவிட்டது. பொம்மை வரவில்லை. ஏழு படிக் கொலுவில் மூன்றாவது படி காலி.

அவள் எழுதிய முதல் வடிவம் இது:

“அண்ணா, பொம்மை இன்னும் வரவே இல்ல. ரெண்டு வாட்டி போன் பண்ணேன், எடுக்கவே இல்ல. நவராத்திரி ஸ்டார்ட் ஆயிடுச்சு. சீக்கிரம் அனுப்புங்க, இல்லன்னா காசைத் திருப்பிக் குடுங்க.”

வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைக்காரரிடம் நேரில் சொன்னால் இது பிரமாதமான தமிழ். அவருக்கு இவள் முகம் தெரியும், எந்தப் பொம்மை என்று தெரியும், “நாளைக்குக் கண்டிப்பா வந்துரும்மா” என்று பதிலும் கிடைக்கும். மின்னஞ்சலைத் திறப்பவருக்கோ இதில் ஒன்றுமே தெரியாது. எந்த ஆர்டர், எவ்வளவு பணம், எப்போது வருவதாகச் சொன்னார்கள், எதுவும் இல்லை. பேச்சில் முகமும் குரலும் செய்கிற வேலையை எழுத்தில் எண்ணும் தேதியும் செய்தாக வேண்டும்.

டீச்சர் முதலில் தொட்டது அந்த ‘ஏ’யைத்தான். வரவே இல்லை, எடுக்கவே இல்லை. “கோபம் முழுக்க இந்த ஏகாரத்துலதாம்மா இருக்கு. அதை எடுத்துட்டு அந்த இடத்துல ஒரு தேதி போடு” என்றார். “எடுக்கவே இல்லை” என்றால் ஒரு குற்றச்சாட்டு. எதிரில் இருப்பவர் மறுக்கலாம். “செப்டம்பர் 19, 22 ஆகிய தேதிகளில் அழைத்தேன், அழைப்பு ஏற்கப்படவில்லை” என்றால் அது ஒரு பதிவு. மறுக்க வேண்டுமானால் அவர்கள் தங்கள் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது வடிவத்துக்கு வகுப்பில் பக்கத்தில் உட்காரும் ஒருவர் உதவினார். சென்னையில் பிறந்து கேந்திரிய வித்யாலயாவில் படித்தவர். அப்பா அரசு அலுவலகங்களுக்கு எழுதிய மனுக்களைப் பார்த்து வளர்ந்தவர். விளைவு:

“பெருமதிப்பிற்குரிய ஐயா அவர்களின் மேலான சமூகத்திற்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது யாதெனில்... தாங்கள் கருணை கூர்ந்து பொம்மைகளை விரைவில் அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்.”

டீச்சர் சிரித்துவிட்டாராம். “காசு கொடுத்தவ எதுக்கும்மா கருணை கேக்கணும்?”

பலர் சறுக்கும் இடம் இதுதான். முறையான நடை என்றாலே பணிவான நடை என்று ஒரு நினைப்பு. விண்ணப்பம் வேறு, முறையீடு வேறு. கொடுப்பதும் மறுப்பதும் எதிராளியின் விருப்பம் என்றால் அது விண்ணப்பம். கொடுத்தே ஆக வேண்டியதைக் கேட்டால் அது முறையீடு. இந்த வித்தியாசம் முழுவதும் வினைச்சொல்லின் வாலில் உட்கார்ந்திருக்கிறது.

“அனுப்புங்க” என்பது பேச்சு. “அனுப்பவும்” என்பது அறிவிப்புப் பலகை. காலணிகளை வெளியே விடவும் என்பது போல. “அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்” என்றதும் அவர்கள் செய்ய வேண்டிய கடமை ஓர் உதவியாக மாறிவிடுகிறது. “அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்” என்பதுதான் இங்கே பொருந்துவது. மரியாதையும் இருக்கிறது, முதுகும் நிமிர்ந்திருக்கிறது.

இன்னொன்றும் சொன்னார். ‘ஏற்கப்படவில்லை’, ‘குறிப்பிடப்பட்டுள்ளது’ என்று ‘படு’ போட்டு எழுதுவது நடந்ததைச் சொல்ல நல்லது. யாரையும் விரல் நீட்டாமல் விஷயத்தைச் சொல்லலாம். ஆனால் கோரிக்கையில் அது வேண்டாம். “பணம் திருப்பி அளிக்கப்பட வேண்டும்” என்று எழுதினால், யார் அளிப்பது? இணையதளம் விற்பனையாளரைக் காட்டும், விற்பனையாளர் கூரியரைக் காட்டுவார். கோரிக்கை வாக்கியத்தில் யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் தெரிய வேண்டும்.

மூன்றாவது முறை எழுதியது இது. பெயர் மட்டும் இங்கே இல்லை.

பொருள்: தசாவதார பொம்மைகள் வந்து சேராதது – ஆர்டர் எண் 4471

வணக்கம்.

செப்டம்பர் 5 அன்று உங்கள் இணையதளத்தில் தசாவதார பொம்மைத் தொகுப்பு ஒன்றை ஆர்டர் செய்து ரூ. 3,200 செலுத்தினேன். செப்டம்பர் 18-க்குள் வந்து சேரும் என்று உங்கள் உறுதிப்படுத்தல் மின்னஞ்சலில் குறிப்பிடப்பட்டுள்ளது. இன்று செப்டம்பர் 23. பொம்மைகள் இதுவரை வந்து சேரவில்லை.

செப்டம்பர் 19, 22 ஆகிய தேதிகளில் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தேன். அழைப்பு ஏற்கப்படவில்லை.

இவை நவராத்திரிக் கொலுவுக்காக வாங்கியவை. ஆர்டர் செய்தபோதே இதைக் குறிப்பில் தெரிவித்திருந்தேன். நவராத்திரி அக்டோபர் 2 அன்று விஜயதசமியுடன் நிறைவடைகிறது.

நீங்கள் செப்டம்பர் 26-க்குள் பொம்மைகளைச் சேர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இயலாவிட்டால் ஆர்டரை ரத்து செய்து முழுத் தொகையையும் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். உறுதிப்படுத்தல் மின்னஞ்சலும் ரசீதும் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,

அனுப்புநர், பெறுநர், உறைமேல் முகவரி எதுவும் இல்லை. தேதியையும் முகவரியையும் மின்னஞ்சலே சுமந்து செல்கிறது. ஆனால் ‘பொருள்’ மட்டும் போகவில்லை. நூறு மின்னஞ்சல்களுக்கு நடுவில் திறக்காமலேயே தெரிகிற ஒரே வரி அதுதான். ஆர்டர் எண் அங்கேயே இருக்க வேண்டும்.

பி.காம் நண்பர்கள் இப்போது கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். பிசினஸ் லா தாளில் படித்த 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 55 இந்த மின்னஞ்சலுக்குள் ஒளிந்திருக்கிறது. குறித்த காலத்தில் செய்வதுதான் ஒப்பந்தத்தின் உயிர் என்பது இரு தரப்பின் எண்ணமாகவும் இருந்து, ஒருவர் தவறினால், மற்றவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். காலம் அவ்வளவு முக்கியமில்லை என்றால் ரத்து கிடையாது. ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடு மட்டும் கேட்கலாம். “கொலுவுக்காக வாங்கியவை, ஆர்டர் செய்தபோதே தெரிவித்திருந்தேன்” என்ற வரி உணர்ச்சிக்காக எழுதியது அல்ல. காலம் முக்கியம் என்பது அவர்களுக்கும் தெரியும் என்று காட்டுகிற வரி அது. நாற்காலி வாங்கியிருந்தால் அதே வரியை எழுதியிருக்க முடியாது.

உறுதிப்படுத்தலில் சொன்ன தேதியை எழுதியதற்கும் காரணம் உண்டு. 2020-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, அறிவித்த தேதிக்குப் பிறகு வந்த பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம் போன்ற அவர்கள் கையை மீறிய காரணத்தால் தாமதம் என்றால் மட்டும் விலக்கு. அதே விதிகளின்படி, இணையதளத்தின் குறைதீர் அலுவலர் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்திலேயே இருக்க வேண்டும். பொதுவான சேவை முகவரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட அவருக்கே அனுப்புவது மேல். அங்கேயும் பதில் இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

மின்னஞ்சல் 23-ம் தேதி இரவு போனது. மறுநாள் மாலை “புகார் பெறப்பட்டது” என்று ஒரு வரி வந்தது. 26-ம் தேதி போனது, பொம்மை வரவில்லை. விஜயதசமியும் முடிந்து, மாமி கொலுவைக் கலைத்துப் பொம்மைகளைப் பழைய புடவைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிய பிறகு, அக்டோபர் 4 அன்று கூரியர்க்காரர் பெட்டியோடு வாசலில் நின்றார்.

இங்கேதான் பிரிவு 55-ன் கடைசிப் பகுதி வேலைக்கு வருகிறது. காலம் கடந்து வந்த பொருளை வாங்கிக்கொண்டால், தாமதத்துக்கான ஈட்டைப் பிறகு கேட்க முடியாது. கேட்கப் போகிறேன் என்று வாங்கும்போதே தெரிவித்திருந்தால் மட்டும் கேட்கலாம். “வந்ததே போதும்” என்று கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துக் காரசாரமாக எழுதுகிறவர்கள் தோற்பது இதனால்தான். வாங்குவதாக இருந்தால் அன்றைக்கே ஒரு வரி போதும்: “தாமதத்தால் ஏற்பட்ட இழப்புக்கு ஈடு கோரும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் இப்பொருளைப் பெற்றுக்கொள்கிறேன்.”

அவள் வாங்கவில்லை. கூரியர்க்காரரிடம் பேசியது முதல் வடிவத்தின் தமிழ்: “வேணாம்ணா, திருப்பி எடுத்துட்டுப் போயிடுங்க, உங்க மேல தப்பு இல்ல.” நிறுவனத்துக்கு எழுதியது மூன்றாவது வடிவத்தின் தமிழ்: “செப்டம்பர் 23 மின்னஞ்சலில் குறிப்பிட்டபடி, அக்டோபர் 4 அன்று வந்த பொருளை ஏற்கவில்லை. ரூ. 3,200-ஐத் திருப்பிச் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.” எட்டாவது நாள் பணம் கணக்கில் ஏறியது.

டீச்சர் வீட்டுப்பாடத்துக்குப் பத்துக்கு ஒன்பது போட்டார். ஒன்று எதற்குக் குறைந்தது என்று கேட்டதற்கு, “உன் போன் நம்பரைப் போடலையேம்மா, அவங்க உன்னைக் கூப்பிட வேண்டாமா?” என்றார்.