‘ஆனால்’ இல்லாத மறுமொழி



உங்கள் உழைப்பைக் குறைகூறி ஒருவர் ஊரறிய எழுதிவிட்டால், அவருக்கு என்ன மறுமொழி எழுதுவீர்கள்? கடந்த ஐப்பசியில் இந்தச் சோதனை என் தங்கைக்கு நேர்ந்தது.

அவள் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறாள். கூகுள் மேப்ஸில் பார்த்துத்தான் புதியவர்கள் பலர் அவளைத் தேடி வருகிறார்கள். ஒரு ஞாயிறு இரவு அங்கே ஒற்றை நட்சத்திரத்துடன் ஒரு கருத்து வந்தது. “ஆறு மணிக்குச் சொன்ன கேக் ஏழு நாற்பதுக்கு வந்தது. பெயரிலும் பிழை. பிள்ளை அழுதுவிட்டான். இங்கே வாங்காதீர்கள்.”

அப்படிப்பட்ட கருத்தைக் கடைக்காரரால் அழிக்க இயலாது. அது விதிகளை மீறியிருந்தால் முறையிடலாம்; மனத்தைப் புண்படுத்திற்று என்பது அதற்குப் போதிய காரணமன்று. கருத்தின் கீழே எல்லாரும் காணுமாறு பதில் எழுதலாம். அவ்வளவே.

தங்கை அன்றிரவே பதினெட்டு வரிகள் எழுதி, பதிவிடுமுன் எனக்கு அனுப்பினாள். அன்று பெய்த மழை அதில் இருந்தது. காலையில் அந்த அம்மையார் முகவரியை மாற்றியதும், பாதி விலையைத் திருப்பிக் கொடுத்ததும் இருந்தன. பிள்ளையின் பெயரும் தெருவின் பெயருங்கூட இருந்தன. “ஒன்றுகூடப் பொய் இல்லை, அண்ணா” என்றாள். உண்மைதான்.

“இன்றிரவு பதிவிடாதே. காலையில் ஆர்டர் நோட்டைப் பார்த்துவிட்டு எழுது” என்றேன்.

காலையில் நோட்டு வேறொன்றைக் காட்டியது. அவள் பெயரைத் தொலைபேசியில் கேட்டு எழுதியிருந்தாள்; திரும்பச் சொல்லிச் சரிபார்க்கவில்லை. முகவரி மாறியபோது, “பரவாயில்லை, ஆறு மணிக்கே வந்துவிடும்” என்று வாக்குக் கொடுத்தவளும் அவளே. ஆகவே முகவரி மாறியது உண்மையாயினும், தாமதத்துக்கு அது சாக்கு ஆகாது.

பிறகு அவள் எழுதியது இதுதான்:

“வணக்கம். கேக் ஒரு மணி நாற்பது நிமிடம் தாமதமாக வந்தது. பெயரையும் பிழையாக எழுதினோம். இரண்டும் எங்கள் தவறு. உங்கள் குழந்தையின் பிறந்தநாளில் இப்படி நேர்ந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். இனி ஒவ்வொரு பெயரையும் எழுத்தில் அனுப்பி, உங்கள் ஒப்புதல் பெற்ற பின்னரே கேக்கில் எழுதுவோம். தங்களுடன் நேரில் பேச விரும்புகிறேன். கடை எண்ணில் எப்போதும் அழைக்கலாம்.” கீழே தன் பெயரை இட்டாள்.

இதில் இருப்பவற்றைக் கவனியுங்கள். நடந்த தவறு அதன் பெயராலேயே சொல்லப்பட்டிருக்கிறது. “ஏதேனும் சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்” என்று எழுதியிருந்தால், சிரமம் நேர்ந்ததையே ஐயுறுவதாகும். மாற்றமும் குறிப்பாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அது நாளையே செய்யக்கூடியது.

இல்லாதவற்றையும் கவனியுங்கள். மழை இல்லை, முகவரி இல்லை, பிள்ளையின் பெயர் இல்லை. திருப்பிக் கொடுத்த பணமும் இல்லை. அதைச் சபையில் சொன்னால் மன்னிப்பு கணக்குத் தீர்ப்பதாகிவிடும். தவறை அறிக்கையிடுகிறவர் “ஆனால்” என்று தொடங்கியவுடன், முன்னே சொன்னது அழிந்துபோகிறது. வாடிக்கையாளரின் பங்கைப் பேசவேண்டுமானால் அது தொலைபேசியில் பேசவேண்டியது.

செய்யாத தவறை ஏற்கச் சொல்லவில்லை. சில வேளைகளில் ஆர்டரே நோட்டில் இராது. வேறு கடையென்று எண்ணியும் எழுதிவிடுவார்கள். அப்போதும் “பொய்” என்று எழுதவேண்டாம். “இந்த நாளில் இப்படியோர் ஆர்டர் எங்கள் பதிவில் தெரியவில்லை, விவரம் தந்தால் உடனே பார்க்கிறோம்” என்பதே போதும். ஒரே மன்னிப்பை எல்லாருக்கும் நகலெடுத்து ஒட்டவும் வேண்டாம். அடுத்தடுத்து வாசிப்பவர் கண்டுகொள்வார்.

அந்த அம்மையார் அழைக்கவேயில்லை. ஒற்றை நட்சத்திரம் இன்றும் அப்படியே இருக்கிறது. முதல் வாரம் தங்கை நாளுக்குப் பலமுறை அதைத் திறந்து பார்த்தாள்.

மூன்றாம் வாரம் புதியவர் ஒருவர் கேக் கேட்டு அழைத்தார். எல்லாம் சொல்லி முடித்தபின், “பெயரை எழுத்தில் அனுப்புவீர்கள் அல்லவா? அந்தப் பதிலில் வாசித்தேன்” என்றார்.

தங்கை அனுப்பினாள். “ஓர் எழுத்து மாறியிருக்கிறது” என்று மறுபக்கத்திலிருந்து திருத்தம் வந்தது. கேக்கில் எழுதுமுன் வந்தது.