கேள்வி நீளும்போது

நேர்முகத் தேர்வு என்றதும் நம்மில் பலரும் அஞ்சுவது விடை தெரியாத கேள்விக்குத்தான். அதற்கு "தெரியவில்லை, ஐயா" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. நன்றாகத் தெரிந்த செய்தியையே மூன்று நான்கு வினாக்களாகக் கோத்து ஒரே மூச்சில் கேட்கும்போதுதான் ஆள் தடுமாறிப் போகிறான்.

சென்ற பருவத்தில் எங்கள் வேதியியல் துறையில் மாதிரி நேர்முகத் தேர்வு நடந்தது. மூன்றாமாண்டு அண்ணன்மார் அமர்ந்தபோது, கைக்கடிகாரத்துடன் ஓரமாக உட்கார்ந்து நேரம் குறிக்கும் பணி எனக்குக் கிடைத்தது. கேட்கப்பட்டவற்றுள் ஒரு கேள்வி இது: "உங்கள் ஊரில் உப்புத் தண்ணீர் என்கிறார்களே, அது எதனால் வருகிறது, எப்படிச் சோதிப்பீர்கள், எவ்வளவு இருந்தால் குடிக்கலாம், அதற்கு என்னதான் செய்யலாம்?"

பெரும்பாலோர் கேள்வி முடியுமுன்பே பேசத் தொடங்கினார்கள். அதுவும் கடைசித் துண்டிலிருந்து தொடங்கினார்கள். காதில் ஒட்டியிருப்பது அதுதானே! முதல் துண்டு எங்கோ போய்விட்டது. விட்டுப் போனது பேசுகிறவருக்குத் தெரியாது. ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரியும். கேட்ட பேராசிரியர் குனிந்து தாளைப் பார்ப்பார், பிறகு "சரி தம்பி, எதனால் வருகிறது?" என்பார். அதே கேள்வி இரண்டாம் முறை வந்தால் ஒரு துண்டு விழுந்துவிட்டது என்று பொருள்.

இந்த அவசரம் எங்கிருந்து வருகிறது? எங்கள் வீட்டில் பெரியவர் கேட்டால் சட்டென்று பதில் சொல்ல வேண்டும். பேசாமல் நின்றால் திமிர்; திருப்பிக் கேட்டால் எதிர்ப்பேச்சு. கல்லூரிப் படியை முதலில் மிதித்த என் போன்றோர் பலர் இந்தப் பழக்கத்தோடுதான் அந்த நாற்காலியில் போய் அமர்கிறோம். ஆனால் என் தந்தையார் தச்சர். "ஒரு கதவு வேணும்" என்று யாராவது வந்தால் அவர் உடனே உளியை எடுப்பதில்லை. "வாசலுக்குங்களா, கொல்லைக்குங்களா? ஒத்தைக் கதவா, ரெட்டைக் கதவா?" என்று கேட்டுக்கொண்டுதான் மரத்தைத் தொடுவார். யாரும் அதை மரியாதைக் குறைவாக எண்ணியதில்லை.

என் முறை வந்தபோது அதே கேள்வியையே கேட்கச் சொன்னேன். கேட்கக் கேட்க, மேசைக்கடியில் விரலை மடக்கினேன்: எதனால், சோதனை, அளவு, தீர்வு. நான்கு விரல், நான்கு சொல். முடிந்ததும் மூச்சு வாங்கினேன். எனக்கு ஒரு யுகம் போலிருந்தது. கடிகாரம் வைத்திருந்த நண்பன் நான்கே விநாடி என்றான்.

அடுத்து, கேள்வியில் மங்கலாக இருந்த இடம். நம் ஊர்ப்பக்கம் கரிக்கிற தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான், சோப்பு நுரைக்காத தண்ணீரும் உப்புத் தண்ணீர்தான். முன்னது குளோரைடு, பின்னது கால்சியமும் மக்னீசியமும். இரண்டுக்கும் சோதனை வேறு. ஆகவே, "ஐயா, வாயில் கரிப்பதைக் கேட்கிறீர்களா, சோப்பு நுரைக்காததைக் கேட்கிறீர்களா?" என்றேன். "நுரைக்காததை" என்றார். வெறுமனே "புரியவில்லை" என்றிருந்தால் முழுக் கேள்வியும் இன்னும் நீளமாகத் திரும்பி வந்திருக்கும். இரண்டு வழியைக் காட்டிக் கேட்டதால் ஒரே சொல்லில் விடை கிடைத்தது.

பிறகு, "காரணம், சோதனை, அளவு, தீர்வு என்று வரிசையாகச் சொல்கிறேன்" என்று தொடங்கினேன். சுண்ணாம்புப் பாறை வழி ஊறும் நிலத்தடி நீர் கால்சியத்தைக் கரைத்து வருகிறது என்பது காரணம். சோதனைக்கு, 50 மில்லிலிட்டர் நீரில் பி.எச். 10 அளவில் இருக்கத் தாங்கல் கரைசலும் எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டியும் சேர்த்து, 0.01 மோலார் இ.டி.டி.ஏ. கரைசலால் ஒயின் சிவப்பு நீலமாகும்வரை தரம் பார்க்க வேண்டும். 20 மில்லிலிட்டர் செலவானால் லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை. இந்தியத் தர நிர்ணயத்தின்படி 200 வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி. எனவே 400 என்பது வேறு வழியில்லையேல் குடிக்கத்தக்கது. தீர்வாக, காய்ச்சினால் தற்காலிகக் கடினத்தன்மை மட்டுமே போகும் என்றும், மற்றதற்கு அயனிப் பரிமாற்றம் என்றும் முடித்தேன். மொத்தம் ஒன்றரை நிமிடம். மூன்றாவது விரலை அடைந்தபோது நான்காவது என்னவென்று தேட வேண்டியிருக்கவில்லை.

எல்லாக் கேள்விக்கும் திருப்பிக் கேட்பது செல்லாது. ஒரு முறை போதும். இரண்டாம் முறை கேட்டால் நேரம் கடத்துவதாகத் தோன்றும். "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" போன்றவற்றை வேண்டுமென்றேதான் மங்கலாக விடுகிறார்கள். அங்கே, "என் படிப்பையும், ஆய்வுக்கூடத்தில் செய்ததையும் சொல்கிறேன்" என்று நாமே எல்லை போட்டுக்கொள்ளலாம். வேறு வேண்டுமானால் அவர்களே நிறுத்திக் கேட்பார்கள்.

பழகுவதற்கு நல்ல இடம் எனக்கு வீட்டிலேயே கிடைத்தது. "சாப்ட்டியா, பஸ் எத்தனை மணிக்கு, பீஸ் கட்டிட்டியா, அக்காகிட்ட பேசினியா?" என்று அம்மா ஒரே மூச்சில் கேட்பார். நான் வரிசை மாறாமல் நான்குக்கும் பதில் சொல்கிறேன். "ஏன்டா, பதில் சொல்றப்ப விரலை மடக்குற?" என்பது இப்போது அவருடைய ஐந்தாவது கேள்வி.