நான்காவது படத்தின் கண்கள்

தம்பி கல்யாண மேடையில் எடுத்த குரூப் போட்டோவில் பதினான்கு பேர். அத்தனை பேரில் யாராவது ஒருவர் இமைத்துவிடுவார் என்று போட்டோக்காரருக்குத் தெரியும். அதனால் அடுத்தடுத்து மூன்று எடுத்துவிட்டுத் திரையைப் பார்த்தார். மூன்றாவதில் எல்லோரும் அழகாக இருந்தார்கள். அம்மா மட்டும் சிரித்தபடி கண்ணை மூடியிருந்தாள். “அம்மா, கண்ணு மூடிட்டீங்க” என்று சொல்லி இன்னொன்று எடுத்தார்.

ஸ்டுடியோவில் ஃபோட்டோஷாப் பார்க்கும் தம்பி, “நாலாவதுல இருந்து கண்ண எடுத்து இதுல வச்சிடலாம்க்கா” என்றார். அருகில் உட்கார்ந்து பார்த்தேன். முதலிரண்டு படங்களில் அம்மா அத்தை பக்கம் திரும்பியிருந்ததால் அவை உதவாது. திரும்பிய முகத்தில் ஒரு கண் குறுகலாகத் தெரியும். நேர்முகத்தில் ஒட்டினால் மாறுகண் போலாகிவிடும். நாலாவதில் அதே இடம், அதே வெளிச்சம். விழியை மட்டும் வெட்டக் கூடாதாம். இமை, ரப்பை மயிர், சுற்றியுள்ள தோல் எல்லாவற்றோடும் வெட்டி, மூன்றாவது படத்தின்மேல் தனி லேயராக வைத்தார். அதைப் பாதி ஒளிபுகும்படி மங்கலாக்கி, கண்ணின் ஓரங்கள் கீழே உள்ள ஓரங்களோடு பொருந்தும்வரை நகர்த்தினார், லேசாகத் திருப்பினார். பிறகு விளிம்புகளை மென்மையான பிரஷால் கரைத்தார். மூடிய கண்ணின் ரப்பை மயிர் கன்னத்தருகே தாழ்ந்து கிடக்கும். அதை மறைக்க, கண்ணுக்குக் கீழே உள்ள தோலையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. அம்மாவின் சிரிப்புச் சுருக்கங்கள் அதோடு போயின.

கூடத்தில் மாட்டிய பிறகுதான் உறுத்தியது. மனசாரச் சிரித்தால் கன்னம் மேலேறும், கீழிமை உயரும், கண் குறுகும். சுவரில் இருந்த அம்மாவின் வாய் சிரித்தது. கண்களோ அகல விரிந்து, கருவிழிக்கு மேலேயும் வெள்ளை தெரிந்தது. மூன்றாவது படத்துக்கும் நான்காவதுக்கும் நடுவே அப்பா திரும்பாமலே சொன்னது எனக்குக் கேட்டிருந்தது: “போட்டோவுக்குக்கூட ஒழுங்கா நிக்கத் தெரியாதா?”

மறுபடி ஸ்டுடியோவுக்குப் போனேன். நல்லவேளை, லேயர்களை ஒன்றாக்காமல் கோப்பைச் சேமித்து வைத்திருந்தார். லேயர் பட்டியலில் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்னக் கண் படம் இருக்கிறது (யார் யோசித்து வைத்தார்களோ). அதை அழுத்தினால் அந்த லேயர் மறையும். அழுத்தினார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அதைத் தனியாகப் பிரிண்ட் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன்.

“அய்ய, கண்ண மூடியிருக்கேனேடி” என்றாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அவளாகவே சிரிக்கத் தொடங்கினாள்.

“உங்க அத்தைதான். மாப்பிள்ள மாலைக்குள்ள எறும்பு போகுது, அவன் நெளியுறான் பாருன்னா.”